பேடன்ட், டிரேட்மார்க், காப்பிரைட்: ஃபெஸ்ட்டில் காட்டிவிட்ட பொருளுக்கு இனி எது கிடைக்கும்?

டிகாக்‌ஷன்_டீம்
3 மார்ச் 2025, இரவு 10.40

பெங்களூரில் கடைசி வருஷம் படிக்கிறோம், மூன்று பேர். ஃபில்டர் காபிக்குக் கெட்டி டிகாக்‌ஷனைச் சில நிமிஷத்தில் இறக்கும் ஒரு சின்ன மெஷின் செய்திருக்கிறோம். பிப்ரவரி 14, 15 காலேஜ் ஃபெஸ்ட்டில் ஸ்டால் போட்டு காபி விற்றோம். 16ஆம் தேதி 40 விநாடி ரீல் ஒன்று இன்ஸ்டாவில் போட்டோம். 20ஆம் தேதி ஒரு மெஷினைப் பக்கத்துக் கேன்டீனில் ரெண்டு நாள் வைத்திருந்தோம்.

இப்போது பேடன்ட், டிரேட்மார்க், காப்பிரைட் மூன்றில் எதை முதலில் போடுவது? கையில் இருப்பது 15,000 ரூபாய். பாடப் புத்தகத்தில் மூன்றுக்கும் அட்டவணை இருக்கிறது, எத்தனை வருஷம், எவ்வளவு செலவு என்று. எங்கள் நிலைமைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்றுதான் புரியவில்லை.

கோரமங்களா_கோடர்
3 மார்ச், இரவு 11.15

ப்ரோ, டென்ஷன் ஆகாதீங்க. வெளியில காட்டினதுக்கு அப்புறமும் பேடன்ட் போட ஒரு வருஷம் டைம் உண்டு. முதல்ல டிரேட்மார்க் போடுங்க, பிசினஸ் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு டிசம்பர்ல பேடன்ட் போட்டுக்கலாம். உள்ளே ஓடுற ஃபர்ம்வேருக்கு பேடன்ட்டே கிடையாது, சட்டத்துல 3(k)ன்னு தெளிவா இருக்கு. அதுக்குக் காப்பிரைட், 500 ரூபாய், வேலை முடிஞ்சது.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
4 மார்ச், காலை 7.50

டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரம்கூட வேண்டாம்.

அந்த ஒரு வருஷம் அமெரிக்கச் சட்டம். கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் அங்கே 12 மாதத்துக்குள் மனு போடலாம். இந்தியாவில் பொதுவாக அப்படி ஒரு சலுகை இல்லை. 1970 பேடன்ட் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 12 மாத விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியதற்கும், அறிஞர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்கும் உரியது. காலேஜ் ஃபெஸ்ட் அதில் வராது. இன்ஸ்டா ரீல் வரவே வராது.

தம்பி கேட்ட 'எது முதலில்' என்பதற்கு அட்டவணையில் பதில் கிடைக்காது. மூன்று சட்டமும் ஒரே நாளை வேறு வேறு விதமாகப் பார்க்கின்றன. பிப்ரவரி 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேடன்ட்டுக்கு அது கெட்ட நாள், அன்று வெளியே தெரிந்த எதையும் இனிப் புதுசு என்று சொல்லிக் கேட்க முடியாது. டிரேட்மார்க்குக்கு அதுவே நல்ல நாள், அந்தப் பெயரில் முதல் விற்பனை நடந்த தேதி. காப்பிரைட்டைப் பொறுத்தவரை அன்று எதுவுமே நடக்கவில்லை. லோகோ வரைந்த நிமிஷத்திலும் ஃபர்ம்வேர் எழுதிய நிமிஷத்திலும் உரிமை பிறந்துவிட்டது. அங்கே கேள்வியெல்லாம் யாருக்குப் பிறந்தது என்பதுதான்.

எனவே இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஃபெஸ்ட்டில், ரீலில், கேன்டீனில் வெளியே தெரிந்தது என்ன? மெஷின் படத்தை இங்கே போடாதீர்கள், இதுவும் பொது இடம். வெளியே ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், மற்றதைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஜெயநகர்_மாவுக்கடை
4 மார்ச், மதியம் 2.05

வணக்கம். நானும் இதே விஷயமாத்தான் அலையறேன். இட்லி மாவு பாக்கெட் போடறோம், எங்க மாமியார் பக்குவம், மூணு நாள் வெளியே வெச்சாலும் புளிக்காது. இதுக்கு பேடன்ட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் 60,000 கேக்கறார். வாங்கலாமா? பாக்கெட்ல பேருக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள R போட்டுட்டோம், டிரேட்மார்க்குக்கு அப்ளை பண்ணியாச்சு.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
4 மார்ச், மாலை 6.30

அக்கா, உங்கள் கேள்வி வேறு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அரிசி, உளுந்து, வெந்தயம் என்று தெரிந்த பொருள்களைச் சேர்த்ததற்கு பேடன்ட் கேட்டால் வெறும் கலவை என்று 3(e)யிலும், வழிவழியாக வந்த அறிவு என்று 3(p)யிலும் ஆட்சேபம் வரும். அதைவிடப் பெரிய விஷயம், பேடன்ட் மனு 18 மாதத்தில் இதழில் வெளியாகிவிடும், யாரும் படிக்கலாம். மூணு நாள் புளிக்காத பக்குவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் உரிமையும் கிடைக்காமல் போனால் கைமுதலே போய்விடும். அந்த 60,000ஐக் கொடுக்காதீர்கள். பக்குவத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த R அடையாளத்தை இன்றே எடுத்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான் அது. அதுவரை TM என்று மட்டும் போடலாம். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டினால் அபராதம் உண்டு, எதிர்த்தரப்புக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரியும் ஆகும்.

டிகாக்‌ஷன்_டீம்
4 மார்ச், இரவு 9.20

வெளியே தெரிந்தது இவ்வளவுதான் அக்கா. ஸ்டால் போஸ்டரில் ஹீட்டர், பம்ப், கன்ட்ரோலர் என்று மூன்று கட்டம் போட்ட படம். ரீலில் மெஷினின் வெளிப்பக்கமும், டம்ளரில் இறங்கும் டிகாக்‌ஷனும். ஒரு இடத்தில் மூன்று விநாடி திரை தெரிகிறது, அதில் இப்படி ஓடுகிறது:

```
PULSE 6s  REST 4s
```

அதாவது தண்ணீரை ஒரே மூச்சாக அழுத்தாமல் விட்டு விட்டு அனுப்புகிறோம். சிக்கரி கலந்த தூள் நனைந்ததும் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும், அதற்காக. உள்ளே இருக்கும் முக்கியமான பாகத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கேன்டீன்காரர் மூடியைத் திறந்ததாகத் தெரியவில்லை. நாலு ஸ்க்ரூதான், பூட்டு எதுவும் இல்லை.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
5 மார்ச், காலை 8.10

படித்தேன். அந்தப் பாகத்தை இங்கே பெயர் சொல்லாமல் 'உள்பாகம்' என்றே வைத்துக்கொள்வோம்.

எதற்கு உரிமை கேட்கிறோம் என்று மனுவில் சொல்லும் வாக்கியம்தான் உரிமைக்கூற்று. 'ஹீட்டர், பம்ப், கன்ட்ரோலர் கொண்ட டிகாக்‌ஷன் மெஷின்' என்று முதல் உரிமைக்கூற்றை எழுதினால் போஸ்டரே அதை அடித்துவிடும். போஸ்டர் இல்லாவிட்டாலும் பழைய எஸ்பிரெஸ்ஸோ மெஷின்கள் அடிக்கும். 'ஆறு விநாடி அழுத்தி நாலு விநாடி நிறுத்தும் முறை' என்று எழுதினால் ரீலின் அந்த மூன்று விநாடி போதும், தேதியோடு சாட்சியாக நிற்கும். மிச்சம் இருப்பது உள்பாகம். தூள் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அது உணர்ந்து, அழுத்தும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்கிறது. ரீலில் நிலையான எண்தான் தெரிகிறது, மாறுவது தெரியவில்லை. உரிமைக்கூற்று அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். இப்போது ரீலை நீக்குவதால் பழைய வெளியீடு இல்லாமல் போகாது. ஆனால் புது வீடியோ எதுவும் போடாதீர்கள்.

கோடர் தம்பி 3(k) பற்றிச் சொன்னதில் பாதி சரி. கணினி நிரல் மட்டும் என்றால் பேடன்ட் இல்லை. ஒரு பாகம் அளந்து, அந்த அளவை வைத்து பம்ப் வேறு மாதிரி ஓடுகிறது என்றால் கேட்பது நிரலுக்கு அல்ல, மெஷினுக்கு. அவர் சொன்ன 500 ரூபாய் காப்பிரைட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். ஒருவர் உங்கள் மெஷினைப் பிரித்துப் பார்த்து, அதே யோசனையை வேறு மொழியில் தானே புதிதாக கோடு எழுதி ஓட்டினால் காப்பிரைட் அவரைத் தொடாது. எழுதிய வரிகளைக் காப்பி அடித்தால்தான் பிடிக்கும்.

கோரமங்களா_கோடர்
5 மார்ச், காலை 9.40

சரி, வரிகளுக்கு மட்டும்தான்னு ஒத்துக்கறேன். ஆனா உள்பாகமும் வெளியே போயிடுச்சே? கேன்டீன்ல ரெண்டு நாள் இருந்திருக்கு, நாலு ஸ்க்ரூ. யாரும் திறக்கலைன்னாலும் திறக்க முடிஞ்சிருக்கும். ரகசியமா வெச்சுக்கணும்னு ஒப்பந்தமும் இல்லை. அப்போ அது பொதுப் பயன்பாடுதானே?

மல்லேசுவரம்_ஏஜென்ட்
5 மார்ச், மதியம் 1.15

நல்ல கேள்வி, என்னையும் உறுத்துவது அதுதான். 32ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மனுத் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும் பொது இடத்தில் ஓட்டியிருந்து, அந்தச் சோதனையைப் பொது இடத்தில் செய்வது அந்தக் கண்டுபிடிப்பின் தன்மைக்குத் தேவையாகவும் இருந்தால் அது புதுமையைக் கெடுக்காது. ஒரு நாளைக்கு இருநூறு டம்ளர் ஓட்டினால் உள்பாகம் தாங்குமா என்று பார்க்க கேன்டீன் தேவைப்பட்டது என்று வாதிடலாம். அதை ஹாஸ்டல் சமையலறையிலேயே பார்த்திருக்கலாமே என்று எதிராளியும் கேட்கலாம். கேன்டீன்காரரிடம் பணம் வாங்கினீர்களா என்பது இங்கே முக்கியம். வாங்கியிருந்தால் அது சோதனை என்ற வாதம் மெலிந்துவிடும்.

டிகாக்‌ஷன்_டீம்
5 மார்ச், மதியம் 1.50

பணம் வாங்கவில்லை. எத்தனை டம்ளர், எத்தனை முறை அடைத்தது என்று நோட்டில் குறித்திருக்கிறோம்.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
5 மார்ச், மதியம் 2.00

அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். கேன்டீன்காரரிடம் சோதனைக்காகவே வைத்தது என்று தேதி போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், இல்லாத ரகசிய ஒப்பந்தத்தைப் பழைய தேதியில் உண்டாக்கக் கூடாது.

கோரமங்களா_கோடர்
5 மார்ச், மதியம் 2.20

எனக்கு இன்னும் இது ஆபத்தாத்தான் படுது. எதிராளி வக்கீல் அந்த நாலு ஸ்க்ரூவை விடமாட்டார்.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
5 மார்ச், இரவு 10.30

விடமாட்டார்தான். அந்த ஆபத்தைச் சுமந்துகொண்டுதான் மனு போட வேண்டும்.

இனி அவசரத்தில் நடக்கும் அடுத்த தவறு. ஒரு வாரத்துக்குள் போடுங்கள் என்றதும் பலர் ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதி, தற்காலிக விவரக்குறிப்பு என்று 1,600 ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்டப்புக்கும் ஆன்லைனில் அதுதான் கட்டணம். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி உள்ளே எழுதியதற்கு மட்டும்தான் செல்லும்.

உங்கள் கதையிலேயே வைத்துப் பாருங்கள். மார்ச் 10 அன்று 'தூளின் அடைப்பை உணர்ந்து அழுத்தத்தை மாற்றும் மெஷின்' என்று மட்டும் எழுதிப் போடுகிறீர்கள். உள்பாகம் எதனால் ஆனது, எங்கே உட்காருகிறது, எந்த அளவில் பம்ப் எவ்வளவு குறைகிறது என்று எதுவும் இல்லை. ஜூனில் பத்து மெஷின் விற்கிறீர்கள். அடுத்த மார்ச்சில் முழு விவரக்குறிப்பில் உள்பாகத்தை விலாவாரியாக எழுதி உரிமை கேட்கிறீர்கள். அந்த விவரம் மார்ச் 10 தாளில் இல்லாததால் அதற்கு 2026 மார்ச் தேதிதான் கிடைக்கும். அதற்குள் ஜூனில் விற்ற உங்கள் சொந்த மெஷினே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். தற்காலிக மனு போட்டாச்சே என்ற தைரியத்தில்தான் ஜூனில் விற்றிருப்பீர்கள்.

ஆகவே தற்காலிகம் என்றாலும் முழு மெஷினையும் எழுதுங்கள். எண்ணிட்ட கோட்டோவியங்கள் போடுங்கள், குறுக்குவெட்டு ஒன்று கட்டாயம். எந்த எண் எந்தப் பாகம், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, உள்பாகம் நகர்ந்தால் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் சோதனை எண்களைச் சேர்த்துவிடுங்கள். அதே உள்பாகத்தை வேறு எப்படிச் செய்யலாம் என்று மூன்று மாற்று வழியும் எழுதுங்கள், ரப்பருக்குப் பதில் சிலிகோன், ஸ்பிரிங்குக்குப் பதில் எடை என்பது போல. எழுதாமல் விட்ட மாற்று வழியைத்தான் காப்பி அடிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்குச் சென்னை பேடன்ட் அலுவலகம். நேரில் போக வேண்டாம், ipindia.gov.in வழியாகப் போடலாம். ஆய்வு செய்யச் சொல்லும் கட்டணம் 4,000 தனி, அதைக் கட்ட முதல் மனுத் தேதியிலிருந்து 31 மாதம் வரை நேரம் இருக்கிறது. எனவே இன்றைய 15,000இல் அதற்கு எடுத்து வைக்க வேண்டியதில்லை.

அல்சூர்_டிசைனர்
6 மார்ச், காலை 11.00

லோகோவைப் பற்றி யாரும் கேட்கலையே. யார் வரைந்தது? நான் ஃப்ரீலான்ஸா நிறைய ஸ்டார்ட்டப்புக்கு லோகோ பண்றேன். காசு வாங்கிட்டா லோகோ அவங்களுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எழுத்துல மாற்றிக் கொடுக்காத வரைக்கும் காப்பிரைட் வரைஞ்சவர்கிட்டதான் இருக்கும். கம்பெனில சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வரைஞ்சா மட்டும்தான் தானாவே முதலாளிக்குப் போகும்.

மெஷின் உருவத்துக்கும் டிராயிங் இருக்கு இல்லையா, அதுக்கும் காப்பிரைட்டே போதும்.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
6 மார்ச், மதியம் 12.45

லோகோ பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. எழுதி வாங்கும்போது காலமும் இடமும் போட மறக்காதீர்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஐந்து வருஷம் கழித்து பிராண்ட் பிரபலமான நேரத்தில் வரைந்தவர் வந்து நிற்பார், சட்டமும் அவர் பக்கம் இருக்கும்.

உருவம் பற்றிச் சொன்னது சரியில்லை தம்பி. டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய உருவத்தைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் செய்துவிட்டால் அதில் காப்பிரைட் நின்றுபோகும், காப்பிரைட் சட்டம் 15(2). டிசைன் பதிவும் வெளியே காட்டுவதற்கு முன்பு போட வேண்டியது. ரீலில் வெளிப்பக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த மாடலின் உருவத்தையாவது காட்டும் முன்பே பதியுங்கள்.

டிகாக்‌ஷன்_டீம்
6 மார்ச், இரவு 8.15

லோகோ எங்களில் ஒருவர்தான் வரைந்தார், எழுதி வாங்கிவிடுகிறோம். பெயருக்கு வருகிறேன். ஸ்டாலில் 'கெட்டி டிகாக்‌ஷன்' என்று போட்டிருந்தோம். பில் புக்கும் யுபிஐ வரவும் இருக்கின்றன. டிரேட்மார்க் கிடைக்குமா?

ஜெயநகர்_மாவுக்கடை
6 மார்ச், இரவு 8.50

எங்க பக்கத்துல ரெண்டு கடைக்கு அதே பேர் இருக்கு தம்பி. காபி கெட்டியா இருக்குன்னு யார் வேணா சொல்லலாமே.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
7 மார்ச், காலை 7.30

மாவுக்கடை அக்கா சொன்னதையேதான் ஆய்வாளரும் எழுதுவார். பொருளின் குணத்தைச் சொல்லும் பெயருக்கு 9ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும். பல வருஷம் விற்று, அந்தப் பெயரைக் கேட்டாலே உங்கள் மெஷின்தான் நினைவுக்கு வருகிறது என்று காட்டினால் தப்பலாம். ரெண்டு நாள் ஸ்டால் அதற்குப் போதாது. காபியோடு சம்பந்தமே இல்லாத ஒரு பெயரை இப்போதே தேர்ந்தெடுங்கள். பழைய பெயரின் பிப்ரவரி 14 தேதி போய்விடும், போகட்டும். புதுப் பெயரை 'இனிமேல் பயன்படுத்தவுள்ளது' என்று போடலாம்.

டிரேட்மார்க்கை எந்தப் பொருள் வகுப்பில் போடுவது என்பதையும் பாருங்கள். மின்சாரக் காபி மெஷின் 11ஆம் வகுப்பு, காபித் தூள் 30, காபிக் கடை 43. தனிநபருக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். உங்கள் கையிருப்புக்கு 11 மட்டும் போதும். பொருள் வேறு என்றால் ஒத்த பெயர் தனியாக நிற்குமா என்று நம் ஊர் வழக்கே பேசியிருக்கிறது. பால் விற்கும் நந்தினிக்கும் ஹோட்டல் நந்தினி டீலக்ஸுக்கும் நடந்தது, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பொருள் வேறு, எழுத்தும் படமும் வேறு என்று ஹோட்டலுக்குச் சாதகமாக வந்தது, பால் பொருள்களுக்கு மட்டும் அந்தப் பெயர் கூடாது. அந்தத் தீர்ப்பு வர எத்தனை வருஷம் ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயர் தேடும்போது 11இல் மட்டும் தேடாமல் 30, 43, 7, 21 எல்லாவற்றிலும் ஒலி ஒத்த பெயர்களைத் தேடிவிடுங்கள்.

ஆய்வறிக்கை வந்தால் 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும். ஏஜென்ட்டின் மெயிலுக்கு வந்து அங்கேயே கிடந்து கைவிடப்பட்ட மனுக்கள் ஏராளம். வாரம் ஒருமுறை நீங்களே நிலையைப் பாருங்கள்.

டிகாக்‌ஷன்_டீம்
7 மார்ச், இரவு 11.05

கடைசியாக ஒன்று. ஃபர்ம்வேர் எழுதியவர் ஜனவரியில் டீமை விட்டுப் போய்விட்டார். உள்பாகத்தின் அளவை வைத்து அழுத்தத்தை மாற்றலாம் என்பது அவர் யோசனை. செய்து காட்டியது நாங்கள். அவர் பெயர் இல்லாமல் போடலாமா?

கோரமங்களா_கோடர்
7 மார்ச், இரவு 11.30

போனவர் போனவர்தான் ப்ரோ. இப்போ இருக்கிற மூணு பேர் பேர்ல போடுங்க.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
8 மார்ச், காலை 6.50

கூடாது. யோசனை அவருடையது என்றால் அவர் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அவர் பெயரை விட்டால் பின்னாளில் பேடன்ட்டை ரத்து செய்ய அதுவே காரணமாகும். முதல் படிவத்தில் கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் நாலு பேரும் வர வேண்டும். மனுதாரர்கள் நீங்கள் மூவர் மட்டும் என்றால் அவர் தன் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கோடு அவர் எழுதியது, அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் இல்லை. எனவே காப்பிரைட்டும் இன்று அவரிடம்தான். ஒரே உட்காரலில் ரெண்டையும் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கு என்ன கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், பங்கா பணமா என்று.

காலேஜ் லேபில் செய்தீர்களா? செய்திருந்தால் காலேஜின் அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காலேஜுக்குப் பங்கு என்று சேர்க்கையின்போதே கையெழுத்து போட்டிருக்கக்கூடும்.

டிகாக்‌ஷன்_டீம்
8 மார்ச், இரவு 9.45

லேபில்தான் செய்தோம். கொள்கைத் தாள் திங்கட்கிழமை கிடைக்கும் என்றார்கள். ஃபர்ம்வேர் நண்பரிடம் பேசிவிட்டோம், நாளை ஒயிட்ஃபீல்டில் சந்திக்கிறோம். பங்கு எவ்வளவு என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குறுக்குவெட்டு வரைபடம் முடிந்தது, பதினோரு பாகத்துக்கு எண் போட்டிருக்கிறோம்.

மல்லேசுவரம்_ஏஜென்ட்
8 மார்ச், இரவு 10.10

பங்குப் பேச்சு இழுத்தால் மனுவை அதற்காக நிறுத்தாதீர்கள். நாலு பேரையும் மனுதாரராகவே போட்டுத் தேதியை வாங்கிவிடுங்கள், உரிமை மாற்றத்தைப் பிறகு பதியலாம். வரைபடத்தில் ஸ்பிரிங்குக்கு எண் விட்டுப்போயிருக்கிறது, பன்னிரண்டாவதாகச் சேர்த்து அனுப்புங்கள்.